பலகை நேர், படத்தில் வளைவு: எழுத்தை மாற்றும் முன் செய்யும் தவறுகள்

நண்பர் ஒருவர் துணிக்கடைக்குப் புதுப் பெயர் வைக்கப் போகிறார். பெயின்டரைக் கூப்பிடுவதற்கு முன் பலகையில் அது எப்படி இருக்கும் என்று படத்திலேயே பார்த்துவிட ஆசைப்பட்டார். தெரு குறுகல். எதிர்ச்சுவரில் முதுகு ஒட்ட நின்று, 18 மி.மீ. கிட் லென்ஸில்தான் 14 அடிப் பலகை முழுதும் அடங்கியது. பழைய எழுத்தை அழித்துப் புதிய பெயரை வைத்தேன். நடு எழுத்துகள் பலகைக்குள் இறங்கி உட்கார்ந்த மாதிரியும், ஓர எழுத்துகள் மேல்சட்டத்தை முட்டுகிற மாதிரியும் தெரிந்தது. புதிய பெயரின் அடிவரி நேர்கோடு. பலகையின் சட்டமோ படத்தில் வில்லாக வளைந்திருந்தது. பழைய எழுத்தும் சட்டத்தோடு சேர்ந்தே வளைந்திருந்ததால் அதுவரை என் கண்ணில் படவில்லை.

இந்த வளைவுக்குப் பீப்பாய் வளைவு என்று பெயர். படத்தின் நடுப்புள்ளி வழியாகப் போகும் கோடு நேராகவே இருக்கும். நடுவுக்கு மேலே உள்ள கிடைக்கோடு மேல்நோக்கிப் புடைக்கும், கீழே உள்ளது கீழ்நோக்கிப் புடைக்கும். கடைப் பலகை அனேகமாகப் படத்தின் மேல்பாதியில் இருப்பதால் அடி வாங்குவதும் அதுதான்.

பலகையே வளைந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம், பழைய தகரப் பலகைகள் தொய்வதும் உண்டு. அதே படத்தில் கடை ஷட்டரின் அடிவிளிம்பைப் பாருங்கள். பலகை மேல்நோக்கியும் ஷட்டர் அடி கீழ்நோக்கியும் புடைத்திருந்தால் குற்றவாளி லென்ஸ். ஷட்டர் நேராக இருந்து பலகை மட்டும் வளைந்திருந்தால் அது பலகையின் நிஜமான வளைவு. அதை நிமிர்த்தக் கூடாது.

சரி, என் முதல் தவறுக்கு வருகிறேன். படத்தை நிமிர்த்தாமல், எழுத்தை வளைத்துச் சமாளிக்கப் பார்த்தேன். போட்டோஷாப்பில் `Warp Text` போய் `Arc` கொடுத்தால் எழுத்து வில்லாக வளையும். அடிவரி பொருந்தினால் தலைவரி பொருந்தாது, தலைவரியைச் சரிசெய்தால் அடிவரி போய்விடும். ஏன் என்று அளந்து பார்த்த பிறகுதான் புரிந்தது.

படம் 6000 × 4000 பிக்சல், எனவே நடுப்புள்ளி 3000, 2000. பலகையின் கீழ் விளிம்பு நடுவிலிருந்து சுமார் 800 பிக்சல் மேலே, மேல் விளிம்பு 1500 பிக்சல் மேலே. இரண்டும் பக்கவாட்டில் இடமும் வலமும் 2400 பிக்சல் வரை நீள்கின்றன. விளிம்பின் இரு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். கீழ் விளிம்பில் 23 பிக்சல், மேல் விளிம்பில் 43. நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக வளைவு கூடுகிறது. அதோடு, பலகையின் இரு பக்க விளிம்புகளும் மேல்முனையில் கிட்டத்தட்ட 19 பிக்சல் உள்நோக்கிச் சாய்ந்திருந்தன. ஒரே வளைவில் இவ்வளவையும் எழுத்துக்குக் கொண்டுவர முடியாது. படத்தை நிமிர்த்திவிட்டால் எழுத்தை வளைக்கும் வேலையே இல்லை.

அடுத்த தவறு, பலகையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு அதை நிமிர்த்துவது. வேலை மிச்சம் என்று நிறையப் பேர் செய்வது இது. நிமிர்த்தும் கருவி படத்தின் நடுப்புள்ளியைத்தான் லென்ஸின் நடு என்று எடுத்துக்கொள்கிறது. வெட்டிய துண்டின் நடுவோ பலகைக்குள்ளேயே இருக்கும். கீழ் விளிம்பு இப்போது அந்தப் பொய் நடுவுக்குக் கீழே வந்துவிட்டதால், ஏற்கெனவே இறங்கியிருக்கும் அதன் முனைகளைக் கருவி இன்னும் கீழே தள்ளும். திருத்தியதில் வளைவு கூடியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். முழுப் படத்தையும் நிமிர்த்துங்கள், அப்புறம் வெட்டுங்கள்.

கேமரா, லென்ஸ் விவரம் கோப்பில் இருந்தால் ப்ரொஃபைல் திருத்தமே போதும். வாட்ஸ்அப்பில் வந்த படம் என்றால் அந்த விவரம் போயிருக்கும், கையால்தான் செய்ய வேண்டும். போட்டோஷாப்பில் `Filter > Lens Correction` போய் `Custom` பக்கத்தில் `Remove Distortion` எண்ணைக் கூட்ட வேண்டும். கிம்ப்பில் `Filters > Distorts > Lens Distortion` போய் `Main` எண்ணை மைனஸ் பக்கம் நகர்த்த வேண்டும். கண்ணால் பார்த்து நகர்த்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அளந்த எண்ணே கையில் இருக்கும்போது ஊகம் எதற்கு? வளைவை, நடுவிலிருந்து உள்ள உயரத்தாலும், பக்கவாட்டு நீளத்துக்கும் படத்தின் பாதி உயரத்துக்கும் (இங்கே 2000) உள்ள விகிதத்தின் வர்க்கத்தாலும் வகுத்தால் போதும்:

```
23 / (800 × (2400/2000)²)  = 0.020
43 / (1500 × (2400/2000)²) = 0.020
```

இரண்டு விளிம்பும் ஒரே எண்ணைக் கொடுத்தது. எண்கள் வெகுவாக வேறுபட்டால் அது சாதாரணப் பீப்பாய் இல்லை. நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் வேறு மாதிரியும் வளையும் மீசை வளைவாக இருக்கலாம். அதற்கு அந்த லென்ஸின் ப்ரொஃபைல்தான் வழி. எனக்கு வந்த எண்ணை மைனஸாக்கி இமேஜ்மேஜிக்கில் கொடுத்தேன்:

```
magick kadai.jpg -distort Barrel "0.0 -0.02 0.0 1.0" nimir.jpg
```

சட்டம் நிமிர்ந்துவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் படம் வெளியே போகும், அதனால் படம் எடுக்கும்போதே பலகையைச் சுற்றி இடம் விடுவது நல்லது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. செல்போன்களும் புதிய மிரர்லெஸ் கேமராக்களும் ஜேபெக் கொடுக்கும்போதே பெரும்பாலும் வளைவைத் திருத்திவிடுகின்றன. அதன்மேல் இன்னொரு முறை திருத்தினால் பலகையின் நடு கீழே தொய்ந்து, முனைகள் மேலே தூக்கும். அதனால் எந்தக் கருவியைத் தொடுவதற்கு முன்பும் ஒரு கோடு போட்டு அளந்துவிடுங்கள்.

பெர்ஸ்பெக்டிவ் கோளாறையும் இதையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். கேமராவை அண்ணாந்து பிடித்தால் பலகையின் பக்க விளிம்புகள் மேலே ஒன்றை ஒன்று நெருங்கும், ஆனால் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். அதை நான்கு மூலைகளை இழுத்துச் சரிசெய்யலாம். வளைந்த பலகையில் மூலைகளை இழுத்தால் மூலைகள் பொருந்தும், நடு பொருந்தாது. முதலில் மூலைகளை இழுத்துவிட்டு அப்புறம் லென்ஸ் திருத்தம் போடுவதும் பலிக்காது. இழுத்த பிறகு வளைவு நடுப்புள்ளியைச் சுற்றிச் சமமாக இருக்காது. லென்ஸ் முதலில், மூலைகள் பிறகு.

நிமிர்த்திய படத்தில் எழுத்து வைப்பது சுலபம். பலகை 14க்கு 2 அடி என்பதால் 4900 × 700 பிக்சலில் தனிக் கோப்பாகப் பெயரை அடித்து, ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகக் கொண்டுவந்து நான்கு மூலைகளையும் சட்டத்தோடு பொருத்தினேன். தமிழ் எழுத்தை வைத்து நேராக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். கி, கீ மேலே தூக்கும், கு, மு கீழே இறங்கும், கண் ஏமாறும். இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் கால் இறங்காத ஓர் எழுத்தின் அடிக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் போதும். எனக்கு மூன்று இடத்திலும் 96, 97 பிக்சல் வந்தது.

நிமிர்த்தும்போது படம் லேசாக மழுங்கும், புது எழுத்தோ கத்தி போலக் கூராக இருக்கும். எழுத்து லேயருக்கு மட்டும் அரை பிக்சல் அளவில் `Gaussian Blur` கொடுத்தேன். நண்பர் படத்தைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே எழுதியாகிவிட்டதா என்று கேட்டார்.