பழைய ஆசிரியரிடம் புரோகிராமிங் பற்றிக் கேட்கும் கடிதம்: எங்கே சறுக்குகிறது?

"சார், நல்லா இருக்கீங்களா? சவுதியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டெக்னீஷியனாக இருக்கிறேன். புரோகிராமிங் பக்கம் வரலாம் என்று யோசனை. பைத்தான் படிக்கவா, ஜாவா படிக்கவா? எந்த கோர்ஸ் நல்லது?"

பெங்களூரில் இருக்கும் பாலிடெக்னிக் ஆசிரியருக்கு இப்படி எழுதினால், "பைத்தான் படிப்பா" என்று ஒரு வரி பதில் வரும். அதற்கு மேல் எழுத அவருக்கு இதில் ஒன்றுமில்லை. கோர்ஸ் பட்டியலுக்கு அவர் எதற்கு? மாரத்தஹள்ளியில் தடுக்கி விழுந்தால் பயிற்சி நிலையம்தான். அவரால் மட்டும் செய்ய முடிந்தது வேறு: நீங்கள் எழுதிய புரோகிராமைப் பார்த்து, உங்கள் யோசனை எங்கே பிசகுகிறது என்று சொல்வது. ஆகவே கடிதத்தோடு ஒரு சின்ன புரோகிராம் போக வேண்டும். அதுவும் கால்குலேட்டர், மாணவர் மதிப்பெண் மாதிரியான பாடப்புத்தகக் கணக்காக இல்லாமல், உங்கள் வேலையிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும்.

ஓர் உதாரணம். 0 முதல் 10 பார் வரை அளக்கும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் 4 முதல் 20 மில்லிஆம்பியர் தருகிறது. சீமென்ஸ் பிஎல்சி அதை 0 முதல் 27648 வரையான எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்ணை மோட்பஸ் வழியாக எடுத்து, 10ஆல் பெருக்கி 27648ஆல் வகுத்தால் பார் கிடைக்கும். லைனில் அழுத்தம் இருக்கும்வரை கணக்கு சரியாகவே வரும். அழுத்தத்தை இறக்கியதும் டிரான்ஸ்மிட்டரின் ஜீரோ சற்று நகர்ந்து 3.9 மில்லிஆம்பியர் வருகிறது என்று வையுங்கள். பிஎல்சியில் அது -173. மோட்பஸ் ரெஜிஸ்டரில் மைனஸ் குறி கிடையாது; பைத்தானுக்கு அது 65363 ஆகத் தெரியும். காலி லைனில் அழுத்தம் 23.6 பார் என்று புரோகிராம் சொல்லும்!

10 பார் டிரான்ஸ்மிட்டர் 23.6 காட்டாது என்பது உங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். ஃபீல்டுக்கே போகாத புரோகிராமருக்குத் தெரிய வாய்ப்பு குறைவு. கடிதத்தில் எழுத வேண்டியது இதைத்தான்: என்ன எண் வந்தது, ஏன் சந்தேகப்பட்டீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள்.

```python
def bar(raw):
    if raw > 32767:
        raw = raw - 65536
    if raw < -691:
        return None
    return raw * 10 / 27648
```

-691 என்பது ஏறக்குறைய 3.6 மில்லிஆம்பியர், அதற்குக் கீழே போனால் வயர் அறுந்ததாகவோ டிரான்ஸ்மிட்டர் பழுதாகவோ கொள்வது வழக்கம். இப்போது கேள்வியும் தானாகப் பிறக்கிறது: "சார், பழுதான நேரத்து அளவை நான் காலியாக விடுகிறேன். தினசரி சராசரி எடுக்கும்போது இது சரியா, வேறு வழி உண்டா?" இதற்கு ஒரு பக்கம் பதில் வரும்.

புரோகிராமை ஃபோனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். பைத்தானில் வரிகளின் உள்தள்ளலே இலக்கணம். படத்தைப் பார்த்து ஒருவர் திரும்ப டைப் செய்தால் அது மாறிப்போகும். எழுத்தாகவே ஒட்டுங்கள். பிழைச் செய்தி வந்திருந்தால் முழுவதையும் சேருங்கள், குறிப்பாகக் கடைசி வரியை. மாதிரித் தரவு பத்து வரி போதும்.

அந்தப் பத்து வரியும் நீங்களே உருவாக்கியதாக இருக்கட்டும். பிளான்ட்டின் உண்மையான லாக், டேக் பெயர்கள், ஐபி முகவரிகள், வரைபடங்கள் எதுவும் ஆசிரியருக்கே ஆனாலும் போகக்கூடாது. ஒப்பந்தத்தில் ரகசியப் பிரிவு இருந்தால் வேலைக்கே உலை வைக்கும். சோதனையும் சொந்த லேப்டாப்பில்தான், பிளான்ட் நெட்வொர்க்கில் அல்ல.

"எனக்கு புரோகிராமிங் சுத்தமாகத் தெரியாது" என்று எழுதுவதும் தவறு, "லேடர் தெரியும், அதனால் புரோகிராமர்தான்" என்பதும் தவறு. பிஎல்சி முழு லேடரையும் சில மில்லிவினாடிகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஓட்டும். அதில் ஒரு டைமர் 5 வினாடி எண்ணும்போது மற்ற வரிகள் நிற்பதில்லை. சாதாரணப் பைத்தான் புரோகிராமில் `time.sleep(5)` என்று போட்டால் எல்லாமே 5 வினாடி நிற்கும். லேடரில் எவ்வளவு செய்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டால், இந்த இடத்திலிருந்து அவர் தொடங்குவார்.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் விவரங்கள்: ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, நோட்டீஸ் எத்தனை நாள், ஷிஃப்ட் போக வாரத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சும். ஆறு மாதத்தில் ஊர் திரும்புகிறவருக்கும் இரண்டு வருடம் பாக்கி உள்ளவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஃபோனில் பேச நேரம் கேட்டால் இந்திய நேரத்தில் எழுதுங்கள். சவுதியில் மாலை 7 மணி என்றால் அவருக்கு இரவு 9:30. உங்கள் வெள்ளிக்கிழமை விடுமுறை அவருக்கு வகுப்பு நாள்.