கருகிய முந்திரியும் விசில் வராத குக்கரும்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் போன பொங்கலன்று நடந்தது இது. கேஸ் அடுப்பு மூன்றிலும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பாயசத்துக்கு முந்திரி வறுக்க இடமில்லை. பண்ருட்டியிலிருந்து வந்திருந்த முந்திரியில் ஒரு கைப்பிடியை அண்ணி பீங்கான் தட்டில் போட்டு, மைக்ரோவேவில் ஐந்து நிமிஷம் வைத்துவிட்டுக் கோலத்தைப் பார்க்க வாசலுக்குப் போய்விட்டார். நான்காவது நிமிஷம் புகை நாற்றம். ஓடிவந்து பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் புகை மண்டியிருந்தது, நடுவில் ஒரு சின்ன மஞ்சள் நெருப்பு. அண்ணியின் கை கதவின் பிடிக்குப் போனது.

"திறக்காதீங்க அண்ணி, சுவிட்சை அணைங்க!" என்று கத்தினேன்.

அந்தக் கதவைத் திறந்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்து நெருப்பு பெரிதாகியிருக்கும். மூடியே இருந்ததால், சுவரில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. நன்றாக ஆறிய பிறகுதான் திறந்தோம். தட்டின் ஓரத்தில் கிடந்த ஒரு முந்திரி பார்க்க வெள்ளையாகவே இருந்தது. இரண்டாக உடைத்தேன். உள்ளே கரி.

அந்த ஒரு முந்திரியைப் பார்த்தால் மைக்ரோவேவ் எப்படி வேலை செய்கிறது என்பது புரியும். வாணலியில் சூடு வெளியிலிருந்து உள்ளே போகிறது, அதனால் மேலே நிறம் மாறுவதைப் பார்த்து இறக்கிவிடலாம். மைக்ரோவேவ் அலைகள் பொருளுக்குள்ளேயே புகுந்து, முக்கியமாக அதிலுள்ள தண்ணீரைச் சூடாக்குகின்றன. குழம்பிலும் சோற்றிலும் தண்ணீர் நிறைய இருக்கிறது. தண்ணீர் கொதித்து ஆவியாகும்வரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. முந்திரியில் தண்ணீர் மிகக் குறைவு, எண்ணெய்தான் அதிகம். இருக்கிற கொஞ்ச ஈரம் போனதும் சூட்டைத் தடுக்க எதுவும் இல்லை. ஓரிடம் கரியானால் அந்தக் கரி அலைகளை இன்னும் வேகமாக வாங்கிச் சூடாகும். அங்கிருந்து நெருப்புக்கு அதிக நேரம் ஆகாது.

இன்னொன்று, அளவு குறைந்தால் ஆபத்து கூடும். ஒரு பாத்திரம் நிறையக் குழம்புக்குப் போகிற அதே சக்தி முழுக்க ஒரு கைப்பிடி முந்திரிக்குள் போகிறது. கருவேப்பிலை காயவைக்கிறவர்கள், கருவாடு சூடாக்குகிறவர்கள், அப்பளம் சுடுகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். காலி ஓவனை ஓட்டுவதும் இதே வகைத் தவறுதான். வாங்கிக்கொள்ள எதுவும் இல்லாமல் அலைகள் திரும்பிப் போய், அவற்றை உண்டாக்கும் மேக்னட்ரானையே சூடாக்கும்.

முந்திரியை மைக்ரோவேவில் வறுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, முதலில் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துக் கிளறுங்கள். பிறகு முப்பது முப்பது விநாடியாக வைத்து, ஒவ்வொரு தடவையும் ஒன்றை உடைத்து உள்ளே பாருங்கள். இளமஞ்சள் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் அது வறுபடும். ஐந்து நிமிஷத்தை ஒரேயடியாக அழுத்திவிட்டு அந்த இடத்தை விட்டு நகரவே கூடாது.

உலோகம் பற்றி எல்லோருக்கும் தெரியும், எவர்சில்வர் கிண்ணத்தை இப்போது யாரும் உள்ளே வைப்பதில்லை. மாட்டிக்கொள்வது கண்ணுக்குத் தெரியாத உலோகத்தில்தான். தங்கக்கோடு போட்ட பீங்கான் தட்டு, உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய பார்சல் கவர், பொட்டலத்தில் அடித்த ஸ்டேப்ளர் பின் இவையெல்லாம் பொறி விடும். மெல்லிய ஓரத்திலும் கூர்முனையிலும் மின்சாரம் குவிந்து அங்கே பொறி பறக்கிறது, பக்கத்திலிருக்கும் காகிதம் பற்றிக்கொள்கிறது. பார்சலைத் தட்டில் கொட்டிச் சூடாக்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

குக்கரிலும் கதை தண்ணீரைப் பற்றியதுதான். உள்ளே ஆவி அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. தண்ணீர் இருக்கும் மட்டும் சூடு அதற்கு மேல் அவ்வளவாகப் போகாது. அது வற்றினால் அடுப்பின் சூடு முழுவதையும் பாத்திரமே வாங்கிக்கொள்ளும். நாம் ஏமாறுவது விசிலை எண்ணுவதில். மூன்று விசில் வரட்டும் என்று காத்திருப்போம். கேஸ்கட் பழசாகி இறுகியிருந்தால் ஆவி மூடியின் ஓரமாகப் புஸ்ஸென்று போய்க்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏறாது, விசிலும் வராது, தண்ணீர் மட்டும் தீர்ந்துகொண்டிருக்கும். ஆவி வந்து வெயிட் போட்ட பிறகு, வழக்கமாக விசில் வரும் நேரத்தைத் தாண்டி ஐந்து நிமிஷம் ஆகியும் சத்தமில்லை என்றால் அடுப்பை அணைத்துவிடுங்கள். அடுக்குப் பாத்திரம் வைத்துச் சமைக்கும்போது அடியில் 300 மில்லிக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர் இருந்தும் விசில் வராமல் போவது இன்னும் மோசம். ஆவிக்குழாய் அடைத்துக்கொண்டால் அழுத்தம் வெளியேற வழியில்லை. துவரம்பருப்பு நுரைத்துப் பொங்கி உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும், கொண்டைக்கடலையின் தோல் அப்படியே வாயை மூடும். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அந்த உப்பும் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து துவாரத்தைச் சுருக்கிவிடுகிறது. அம்மா ஒவ்வொரு தடவையும் மூடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, குழாய் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடுவார். தெரியாவிட்டால் ஊசியால் குத்திக் கழுவ வேண்டும். பருப்பு என்றால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். குழாயில் ஆவி சீராக வந்த பிறகு வெயிட்டைப் போடுங்கள். வழி திறந்திருக்கிறது என்பதற்கு அந்த ஆவிதான் அத்தாட்சி.

எல்லாம் தவறிப்போனால் காப்பாற்றுவது சேஃப்டி வால்வு. அதன் நடுவிலிருக்கும் ஈயம் போன்ற உலோகம் சூடு அளவு மீறினால் உருகி வழிவிடும். அப்படி உருகிய வால்வை, 'குக்கர் ரிப்பேர்' என்று எம்சீல் வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது குக்கரை வெடிகுண்டாக்குகிற வேலை. அந்தக் கம்பெனியின் அதே மாடலுக்கான வால்வை வாங்கிப் போடுங்கள், ஏன் உருகியது என்பதையும் கண்டுபிடியுங்கள். வற்றிக் காய்ந்த குக்கரைக் குழாயடியில் காட்டவும் கூடாது. தானாக ஆறட்டும்.

எங்கள் மைக்ரோவேவுக்குத் திரும்புகிறேன். அதன் தலையில் பூப்போட்ட துணியும், துணிமேல் பிரெட் பாக்கெட்டும் இருந்தன. சூடான காற்று போகிற துவாரங்களை அவை மூடியிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தோம். உள்ளே வலது பக்கச் சுவரில், அலைகள் வரும் வழியை மூடியிருக்கும் மைக்கா தகட்டில் எண்ணெய் தெறித்து, ஒரு மூலை பழுப்பாகிக் கருகியிருந்தது. அப்படிக் கருகிய இடம் அடுத்த தடவை பொறி விடும். பிளக்கைச் செருகாமல் அந்தத் தகட்டைக் கழற்றி, அளவுக்காகக் கையிலேயே எடுத்துக்கொண்டு அண்ணன் மறுநாள் கடைக்குப் போனார்.