இயந்திரம் வாங்கும் முன் வரிக் கவசத்தைக் கணக்கிடும் முறை

கோவையில் உதிரி பாகங்கள் கடையும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம் 20,00,000 ரூபாய்க்குக் கடைசல் இயந்திரம் வாங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் 12,00,000 ரூபாய் 10% வட்டியில் வங்கிக் கடன். மீதி பங்குதாரர்களின் பணம். வருமான வரியில் 22% விகிதத்தைத் தேர்ந்தெடுத்த நிறுவனம் என்பதால், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து வரி 25.168% ஆகிறது. இயந்திரத்தால் ஆண்டுக்கு 7,00,000 ரூபாய் உபரி கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. இது தேய்மானம், வட்டி, வரி ஆகியவற்றைக் கழிக்கும் முன் உள்ள தொகை.

முதலில் தேய்மானத்தைக் கணக்கிட வேண்டும். இங்கே பயன்படுவது நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் உள்ள தேய்மானம் அன்று, வருமான வரிச் சட்டம் அனுமதிக்கும் தேய்மானம். பொதுவான இயந்திரங்களுக்கு அது குறைந்துசெல் மதிப்பு முறையில் 15% ஆகும். எனவே முதல் ஆண்டில் 3,00,000 ரூபாயும், மீதமுள்ள 17,00,000 ரூபாயின் மீது இரண்டாம் ஆண்டில் 2,55,000 ரூபாயும், மூன்றாம் ஆண்டில் 2,16,750 ரூபாயும் கழிக்கலாம். வாங்கிய ஆண்டில் இயந்திரம் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அந்த ஆண்டில் பாதித் தேய்மானமே கிடைக்கும். ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால், அந்த வரித் தொகையை இயந்திரத்தின் விலையில் சேர்க்கக் கூடாது.

அடுத்து, ஒவ்வோர் ஆண்டுத் தேய்மானத்தையும் வரி விகிதத்தால் பெருக்க வேண்டும். முதல் ஆண்டில் 3,00,000 × 25.168% = 75,504 ரூபாய்; தொடர்ந்து 64,178 ரூபாய், 54,552 ரூபாய். தேய்மானத்துக்காக யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. ஆனால் அது வரிக்குரிய இலாபத்தைக் குறைப்பதால் இந்தத் தொகை நிறுவனத்திடமே தங்குகிறது. இதுவே தேய்மானத்தின் வரிக் கவசம்.

கணக்கு சரியா என்பதை இரண்டு வழிகளில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். உபரி 7,00,000 ரூபாயிலிருந்து 25.168% வரியைக் கழித்தால் 5,23,824. அதனுடன் கவசம் 75,504 சேர்ந்தால் 5,99,328 ரூபாய். மற்றொரு வழியில், 7,00,000 ரூபாயிலிருந்து தேய்மானத்தைக் கழித்த 4,00,000 ரூபாய் இலாபத்துக்கு வரி 1,00,672. அதை 7,00,000 ரூபாயிலிருந்து கழித்தாலும் 5,99,328 ரூபாய்தான் வரும். விடைகள் மாறுபட்டால், பெரும்பாலும் தேய்மானத்தைக் கழித்துவிட்டு மீண்டும் கூட்ட மறந்திருப்போம்.

இனி வட்டி. ஆண்டுக்கு 4,00,000 ரூபாய் அசல் திருப்பினால் வட்டி முறையே 1,20,000, 80,000, 40,000 ரூபாய். அவற்றின் வரிக் கவசம் 30,202, 20,134, 10,067 ரூபாய். மாதத் தவணையில் உள்ள அசல் பகுதிக்கு வரிக் கழிவு கிடையாது. வங்கி வட்டியைக் கணக்கில் எழுதினால் மட்டும் போதாது. வருமான வரி அறிக்கை தாக்கல் செய்யும் கெடுவுக்குள் அதை உண்மையில் கட்டியும் இருந்தால்தான் அந்த ஆண்டிலேயே கழிவு கிடைக்கும்.

தொடங்குவோர் மிகுதியாகத் தடுமாறுவது அடுத்த கட்டத்தில்தான். வட்டிக் கவசத்தைப் பணவரவில் கூட்டிவிட்டு, அதே பணவரவை வரிக்குப் பிந்தைய மூலதனச் செலவு, அதாவது கடனுக்கும் பங்குக்கும் தர வேண்டிய வருவாயின் சராசரி விகிதம், கொண்டும் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், ஒரே சலுகையை இருமுறை எண்ணியதாகும். பங்குதாரர்கள் 15% வருவாய் எதிர்பார்த்தால், 40% பங்கும் 60% கடனும் உள்ள இந்தத் திட்டத்தின் சராசரி மூலதனச் செலவு வரிக்கு முன் 12%. கடனின் 10% வட்டி வரிக்குப் பின் 7.48% ஆகக் குறைவதால், சராசரி ஏறத்தாழ 10.5% ஆகிறது. வட்டிக் கவசம் முழுவதும் இந்த ஒன்றரை விழுக்காட்டு வித்தியாசத்துக்குள் அடங்கிவிட்டது. ஆகவே 10.5% விகிதத்தைப் பயன்படுத்தினால், பணவரவில் வட்டியையும் அதன் கவசத்தையும் தொடவே கூடாது. தேய்மானக் கவசம் மட்டும் இருக்க வேண்டும்.

ஆனால் அந்த விகிதம் 60% கடன் எப்போதும் தொடரும் என்று கருதுகிறது. நம் கடனோ மூன்றே ஆண்டுகளில் தீர்ந்துவிடுகிறது. இத்தகைய திட்டத்துக்கு, பணவரவை 12 விழுக்காட்டில் மதிப்பிட்டு, வட்டிக் கவசத்தைத் தனியே 10% விகிதத்தில் இன்றைய மதிப்பாக்கி, அதாவது 27,456 + 16,640 + 7,563 = 51,659 ரூபாயாக, இறுதியில் கூட்டுவதே பொருத்தமானது என்பது என் கருத்து.

இவை எல்லாமே அந்தந்த ஆண்டில் வரிக்குரிய இலாபம் இருந்தால்தான் பொருந்தும். நிறுவனம் நட்டத்தில் இருந்தால் கழிக்க முடியாத தேய்மானத்தைக் கால வரம்பின்றி எடுத்துச் செல்லலாம். வணிக நட்டத்தில் சேர்ந்த வட்டிக்கோ எட்டு ஆண்டுகளே கிடைக்கும். அப்போது கவசத்தை, செலவு ஏற்பட்ட ஆண்டில் எழுதாமல், வரி உண்மையில் குறையக்கூடிய ஆண்டில் எழுதி, அந்த ஆண்டிலிருந்து இன்றைய மதிப்பைக் கணக்கிட வேண்டும்.