யாருக்கும் தன் குடை கிடைக்காத வாய்ப்பு: கணக்கு எங்கே சறுக்குகிறது?

n பேரின் குடைகளைக் குலுக்கி ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறோம். ஒருவருக்குக்கூடத் தன் குடை வராமல் போக எவ்வளவு வாய்ப்பு? n பெரிதாகும்போது விடை 1/e, அதாவது 0.3679-ஐ நெருங்குகிறது. நிகழ்தகவு கற்பிக்கும் எனக்கு இந்தக் கணக்கைத் திருத்தும்போதெல்லாம் என் பழைய நோட்டைப் பார்ப்பது போலவே இருக்கிறது. கூட்டல் பிழைகளை விட்டுவிடுகிறேன். என்னை இன்றும் எரிச்சலூட்டும் சில தவறுகள் இருக்கின்றன, அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

(1 − 1/n)ⁿ என்று பெருக்கிவிடுவது

ஒருவருக்குத் தன் குடை வராத வாய்ப்பு 1 − 1/n. n பேர் இருக்கிறார்கள், ஆகவே n முறை பெருக்கு. எல்லை 1/e, விடை சரி! இப்படித்தான் எழுதுவார்கள். நானும் எழுதினேன். விடை சரியாக வந்துவிடுவதுதான் இதில் உள்ள ஆபத்து. வழி தவறு என்று யாருக்கும் தோன்றாது.

நான்கு பேரை வைத்துப் பாருங்கள்: அ, ஆ, இ, ஈ. பெருக்கல் வழியில் (3/4)⁴ = 81/256, சுமார் 0.316. ஆனால் குடைகளைக் கொடுக்க மொத்தம் 24 வழிகள்தான் உண்டு. 24-இல் 0.316 பங்கு என்றால் ஏறத்தாழ 7.6 வழிகள். வழிகளை எண்ணும்போது பின்னம் எப்படி வரும்? அந்த இடத்திலேயே கணக்கு உடைந்துவிடுகிறது.

காரணம், இவை சார்பற்ற நிகழ்ச்சிகள் அல்ல. அ-வுக்குத் தன் குடை வரவில்லை என்று தெரிந்துவிட்டது என்று வையுங்கள். அப்படியானால் அவர் கையில் இருப்பது மற்ற மூன்றில் ஒன்று. அது ஆ-வின் குடையாக இருக்க 1/3 வாய்ப்பு. அப்போது ஆ-வுக்குத் தன் குடை கிடைக்கவே கிடைக்காது. மீதி 2/3 வாய்ப்பில் ஆ-வின் குடை இன்னும் குவியலில் இருக்கிறது, அது அவருக்கு வராமல் போக 2/3 வாய்ப்பு. கூட்டினால் 1/3 + 4/9 = 7/9. பெருக்கியவர்கள் இந்த இடத்தில் 3/4 போட்டிருப்பார்கள்.

சரியான வழி, சேர்த்து விலக்குவது. 24 வழிகளில் தொடங்குங்கள். ஒருவருக்குத் தன் குடை வந்துவிட்டால் மற்றவற்றைக் கொடுக்க 6 வழிகள். நான்கு பேருக்கும் சேர்த்து 24-ஐக் கழிக்கிறோம். இருவருக்குத் தத்தம் குடை வரும் வழிகளை இரண்டு முறை கழித்துவிட்டோம், ஆகவே 6 ஜோடிகளுக்கு 2 வீதம் 12-ஐத் திரும்பச் சேர்க்கிறோம். மூவருக்காக 4 கழித்து, நால்வருக்காக 1 சேர்த்தால்:

24 − 24 + 12 − 4 + 1 = 9

ஆக 9/24 = 0.375. அதே வரியை 24-ஆல் வகுத்தால் 1 − 1 + 1/2 − 1/6 + 1/24. இது e⁻¹-இன் தொடரேதான், நடுவில் நிறுத்தப்பட்டிருக்கிறது. 1/e எங்கிருந்து வருகிறது என்பதும், ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதும் இங்கேதான் தெரியும்: பிழை 1/(n+1)!-ஐத் தாண்டாது. பத்துப் பேருக்கே அது நான்கு கோடியில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். பெருக்கல் வழியோ பத்துப் பேருக்கு 0.349 என்றே நிற்கிறது.

தவறைத் தவறால் சரிபார்ப்பது

எனக்கு அதிக நேரம் செலவானது இதில்தான். பெருக்கி வந்த 0.349-ஐச் சோதிக்க நிரல் எழுதினேன்:

```python
p = [random.randrange(n) for _ in range(n)]
```

ஒரு லட்சம் முறை ஓட்டினேன். 0.349 வந்தது. பல நாள் நிம்மதியாக இருந்தேன். இந்த வரி குலுக்கவில்லை. ஆளுக்கொரு குடையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் குவியலில் போடுகிறது. ஒரே குடை மூன்று பேருக்குப் போகலாம். அதாவது நான் தவறாக அனுமானித்த அதே சார்பின்மையை நிரலிலும் எழுதி வைத்திருந்தேன். இரண்டு பிழைகளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லின.

வேண்டியது இது:

```python
p = list(range(n))
random.shuffle(p)
```

போன வாரம் ஒரு மாணவி அதே பழைய வரியோடு வந்தார். "n = 2 போட்டு ஓட்டும்மா" என்றேன். இருவர் என்றால் குடை மாறும், அல்லது மாறாது. விடை 1/2 வர வேண்டும். அவருக்கு 0.25 வந்தது. அப்புறம் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயிரம் முறை மட்டும் ஓட்டுவது

ஆயிரத்தில் 0.015 அளவு ஊசலாட்டம் சாதாரணம். 0.349-ஐயும் 0.368-ஐயும் அதை வைத்துப் பிரிக்க முடியாது.

ஆள் கூடினால் வாய்ப்பு குறையும் என்பது

குறைந்துகொண்டே போகாது, சற்று ஏறி இறங்கி 1/e-ஐ நெருங்கும். ஒவ்வொருவருக்கும் தன் குடை வர வாய்ப்பு 1/n, ஆட்கள் n. தன் குடை பெறுவோரின் சராசரி எண்ணிக்கை எப்போதும் 1.

n = 1-க்கு 1/e போடுவது

பூஜ்யம்.