அமெரிக்க ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள் வரிக் கணக்கில் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இந்தியாவுக்கே திரும்பியவருக்குப் பொதுவாக இரண்டு வழிகளில் பணம் வரும். ஒன்று, அந்த நாட்டு அரசு மாதாமாதம் தரும் சோஷியல் செக்யூரிட்டி. மற்றொன்று, வேலை பார்த்த கம்பெனி வழியாகச் சேர்ந்த 401(k) சேமிப்பு. இரண்டையும் ‘வெளிநாட்டுப் பென்ஷன்’ என்று ஒரே தலைப்பில் போட்டுவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளம்புகின்றன.

இந்திய-அமெரிக்க இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 20-ஆவது பிரிவு இவ்விரண்டையும் நேர் எதிராக நடத்துகிறது. தனியார் வேலைக்கான ஓய்வூதியத்துக்கு, அதைப் பெறுபவர் வசிக்கும் நாடு மட்டுமே வரி போடலாம் என்கிறது முதல் பத்தி. சோஷியல் செக்யூரிட்டிக்கு, அதைத் தரும் நாடு மட்டுமே வரி போடலாம் என்கிறது இரண்டாம் பத்தி. அதாவது 401(k) மாதத் தொகை இந்தியாவின் பங்கு, சோஷியல் செக்யூரிட்டி அமெரிக்காவின் பங்கு. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் இந்தியாவில் வசிப்பவருக்கு. அவை கையில் இருந்தால் அமெரிக்கா தன் குடியாளாகவே வரி போடும், கணக்கு வேறு.

முதலில் சோஷியல் செக்யூரிட்டி. அமெரிக்கா அதில் 85 சதவீதத்தை வருமானமாக எடுத்து, அதன்மேல் 30 சதவீதம் பிடிக்கும். மொத்தத்தில் 25.5 சதவீதம். மாதம் 1,600 டாலர் என்றால் 408 டாலர் போக 1,192 டாலர் கைக்கு வரும். இந்தப் பிடித்தம் பிழையல்ல, ஒப்பந்தப்படியே நடப்பது. அமெரிக்க அரசு வேலையால் கிடைத்த பகுதிக்கு மட்டும் இந்தியக் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. ‘அங்கே இவ்வளவு பிடித்துவிட்டார்களே, இங்கே கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம்’ என்று நினைத்து இந்திய ரிட்டர்னில் அதை வருமானமாகக் காட்டி, வெளிநாட்டு வரிக்குக் கிரெடிட் கேட்கும் 67-ஆம் படிவமும் போடுகிறார்கள். பார்வைக்கு நியாயமாகத் தெரியும். கணக்குப் போட்டால்தான் நஷ்டம் புரியும்.

ஒருவருக்கு இங்கே ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி ஆண்டுக்கு 6 லட்சம், சோஷியல் செக்யூரிட்டி ரூபாயில் சுமார் 16 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால், 6 லட்சம் வட்டிக்கு அவர் கட்ட வேண்டியது பூஜ்யம். சோஷியல் செக்யூரிட்டியைச் சேர்த்துக் காட்டியதும் வருமானம் 22 லட்சம் ஆகிறது, தள்ளுபடி போய்விடுகிறது, செஸ்ஸோடு வரி 2.6 லட்சம் வருகிறது. அமெரிக்காவில் அவர் 4 லட்சத்துக்கு மேல் கட்டியிருந்தாலும், கிரெடிட் அந்த 16 லட்சத்தின் மேல் விழுந்த இந்திய வரி அளவுக்குத்தான் கிடைக்கும். அது ஏறத்தாழ 1.89 லட்சம். மீதி சுமார் 71,000 ரூபாயைக் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒரு ரூபாய்கூடக் கட்டத் தேவையில்லாதவருக்கு இந்தச் செலவு.

சரியான இடம் ITR-2-வில் வரியில்லா வருமானத்தைக் காட்டும் Schedule EI. அதில் ஒப்பந்தப்படி வரி விதிக்க இயலாத வருமானம் என்ற வரிசையில் தொகை, நாடு, ஒப்பந்தப் பிரிவு 20 ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். வந்த தொகையையும் பிடித்த வரியையும் காட்டி ஆண்டு முடிந்ததும் வரும் SSA-1042S படிவத்தைப் பத்திரப்படுத்துங்கள். அது காலண்டர் வருடத்துக்கானது. நம் நிதியாண்டுக்கு மாத வாரியாகப் பிரித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். ‘வரி இல்லைதானே’ என்று காட்டாமலே விடுவதும் தவறு. பெரிய தொகை வங்கிக்கு வந்திருக்க, ரிட்டர்னில் அதன் சுவடே இல்லாவிட்டால் பின்னால் விளக்கம் சொல்லும் வேலை உங்கள் தலையில் விழும்.

இனி 401(k). இங்கே அமெரிக்காவில் பிடிப்பதுதான் பிழை. நீங்கள் எதுவும் தெரிவிக்காவிட்டால் கணக்கை நிர்வகிக்கும் நிறுவனம் வெளிநாட்டில் வசிப்பவர் என்று 30 சதவீதம் பிடித்துவிடும். மாதம் 1,000 டாலருக்கு 300, ஆண்டுக்கு 3,600 டாலர். அதையும் இந்தியாவில் கிரெடிட்டாக எடுக்கப் பார்ப்பவர்கள் வருமான வரி விதி 128-ல் முட்டிக்கொள்கிறார்கள். ஒப்பந்தப்படி செலுத்த வேண்டியதைவிட அதிகமாக வெளிநாட்டில் கட்டிய வரியைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அந்த விதி. ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்குச் சேர வேண்டியது பூஜ்யம் என்பதால் கிரெடிட்டும் பூஜ்யம். அங்கே 30 சதவீதம், இங்கே முழு வரி என்று இரட்டை அடி விழும்.

தடுக்கும் வழி, வெளிநாட்டில் வசிப்பவர் ஒப்பந்தச் சலுகை கேட்கும் W-8BEN படிவம். முதல் தொகை வெளியே வருவதற்கு முன்பே நிறுவனத்திடம் கொடுத்துவிட வேண்டும். 5-ஆம் வரியில் பழைய சோஷியல் செக்யூரிட்டி எண், 6-ல் பான் எண், 9-ல் இந்தியா, 10-ல் ஒப்பந்தப் பிரிவு 20, பத்தி 1, விகிதம் 0, வருமான வகை ஓய்வூதியம். அமெரிக்க எண்ணை எழுதாமல் விட்டால் சலுகை கிடைக்காது. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது காலண்டர் வருடம் முடியும்வரைதான் படிவம் செல்லும். நாலாவது வருடம் திடீரென்று பிடித்தம் ஆரம்பித்தால் இதைத்தான் முதலில் பாருங்கள். ஏற்கெனவே பிடித்திருந்தால், பிடித்ததைக் காட்டி நிறுவனம் தரும் 1042-S-ஐ வைத்து, அமெரிக்காவில் வசிக்காதவருக்கான ரிட்டர்னான 1040-NR தாக்கல் செய்து அமெரிக்காவிடமே திரும்பக் கேட்க வேண்டும். இந்திய வருமான வரித் துறையால் அதைத் தர முடியாது.

மொத்தமாக எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒப்பந்தம் ஓய்வூதியம் என்பதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தரும் தொகை என்றே வரையறுக்கிறது. ஒரே தடவையில் கணக்கைக் காலி செய்தால் அது அந்த வரையறைக்குள் அடங்குவது சந்தேகம்; இதர வருமானம் என்று கொண்டால் அமெரிக்காவும் வரி போடலாம். அப்போது 1040-NR-இல் இறுதியாக நிற்கும் அமெரிக்க வரிக்கு இந்தியாவில் கிரெடிட் கேட்கலாம். 67-ஆம் படிவம் தேவைப்படுவது இங்கேதான். அவசரமில்லை என்றால் மாதாமாதம் எடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

கடைசியாக, பலர் எடுக்கத் தொடங்கும்போதுதான் யோசிக்கும் விஷயம். 401(k)-க்குள் ஆண்டுதோறும் விளையும் வட்டியும் லாபமும், எடுக்காவிட்டாலும், இந்தியாவில் முழுக் குடியாளாக ஆனதும் அந்தந்த வருடமே வரிக்கு வரக்கூடும். இதைத் தவிர்க்க 89A பிரிவு இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றின் ஓய்வுக்காலக் கணக்குகளுக்கும் பொருந்தும். ரிட்டர்னின் கடைசித் தேதிக்குள் 10-EE படிவம் போட்டால், எடுக்கும் வருடத்தில் மட்டும் வரி. ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பின்வாங்க முடியாது. இங்கே சொன்ன இந்தியப் பிரிவு, விதி, படிவ எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி உள்ளவை. 2026 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய வருமானத்துக்குப் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும்.

இதிலேயே இன்னொரு நன்மை உண்டு. நீங்கள் வெளிநாட்டுவாசியாகவும், திரும்பிய பின் சாதாரணமாக வசிக்காத குடியாளாகவும் இருந்த வருடங்களில் கணக்குக்குள் விளைந்த லாபத்தை, பின்னால் எடுக்கும்போது இந்தியா வருமானத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் எது எப்போது விளைந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். ஆகவே முழுக் குடியாளாகும் ஆண்டுக்கு முந்தைய மார்ச் 31 நிலவரப்படி, மொத்த இருப்பையும் அதுவரை போட்ட தொகையையும் காட்டும் ஸ்டேட்மென்டை இறக்கி வையுங்கள். நிர்வகிக்கும் நிறுவனம் மாறினால் பழைய ஸ்டேட்மென்ட்கள் இணையதளத்திலிருந்து போய்விடலாம், அப்புறம் கேட்டுப் பெறுவது பெரும்பாடு.