“எனக்கு ஏன் 1,215 ரூபாய் குறைகிறது?” இன்சென்டிவ் கேள்விக்குப் பதில் எழுதும் முறை

காரைக்குடியில் பலகாரம் போட்டு, பாக்கெட் செய்து, கடைகளுக்கு அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். தேன்குழல், சீப்புச்சீடை, கைமுறுக்கு, அதிரசம் எல்லாம் உண்டு. லைனுக்குப் போகும் சேல்ஸ்மேன்களுக்கு மாதாமாதம் இன்சென்டிவ் போடுவதும் என் வேலைதான்.

போன நவம்பர் கணக்கில் தேவகோட்டை லைன் அண்ணனுக்கு 4,960 ரூபாய் போட்டிருந்தேன். மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு துண்டுச் சீட்டின் படம் வந்தது. அதில் அவர் கணக்கு 6,175 ரூபாய். கீழே ஒரே வரி: “தம்பி, பாக்கி எங்கே?”

நான் உடனே எங்கள் ஃபார்முலாவை அப்படியே தட்டி அனுப்பினேன். அதுதான் தப்பு. “ஃபார்முலா எனக்கும் தெரியும், தொகை எப்படி வந்தது?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு பேரும் ஒரே ஃபார்முலாவைத்தான் போட்டிருந்தோம். அதற்குள் போட்ட விற்பனைத் தொகைதான் வேறு.

முதலில் அவர் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

எங்கள் விதி இது. மாத டார்கெட் 4,00,000 ரூபாய். டார்கெட்டைத் தொட்டால் அந்த 4,00,000-க்கு 1%. அதற்கு மேல் போகும் தொகைக்கு மட்டும் 3%. தொடாவிட்டால் ஒன்றுமில்லை.

அண்ணன் தன் பில் புத்தகத்தைக் கூட்டியிருக்கிறார்: 4,72,500. டார்கெட்டுக்கு மேல் 72,500. அதில் 3% என்றால் 2,175. டார்கெட்டுக்கான 4,000-ஐச் சேர்த்தால் 6,175. கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அவருடைய எண் உங்களுக்கும் வரும்வரை பதில் எழுதத் தொடங்காதீர்கள். அது வராதவரை அவர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்பது உங்களுக்குத் தெரியாது.

அவர் எண்ணிலிருந்து உங்கள் எண்ணுக்கு இறங்கி வாருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எங்கள் ஊழியர் விதியில் ‘விற்பனை’ என்றால் ஜிஎஸ்டி இல்லாத தொகை, அதிலும் திரும்பி வந்த சரக்கு போக மிச்சம். அண்ணன் கூட்டியது ஜிஎஸ்டி சேர்ந்த பில் தொகை. எங்கள் பலகாரத்துக்கு 5%. அவருக்கு விளக்கம் எழுதும்போது நான் அவசரத்தில் 4,72,500-க்கு 5% போட்டு 23,625-ஐக் கழித்துவிட்டேன். அது தவறு. பில் தொகைக்குள் வரி ஏற்கனவே இருக்கிறது, அதனால் 1.05-ஆல் வகுக்க வேண்டும். வகுத்தால் வரியில்லாத விற்பனை சரியாக 4,50,000, வரி 22,500. அண்ணன்தான் இதைப் பிடித்தார். பில்லில் இருக்கும் வரிகளைக் கூட்டிப் பார்த்தாராம்! இன்சென்டிவில் அதன் பாதிப்பு 34 ரூபாய்கூட இல்லை, ஆனால் அன்றைக்கு என் பதிலின் மற்ற எண்களையும் அவர் நம்பவில்லை.

அடுத்தது ரிட்டர்ன். தீபாவளிக்கு வாங்கிய கடைகள் விற்காத பாக்கெட்டை நவம்பரில்தான் திருப்பித் தருவார்கள். அப்படி வந்தது, வரியில்லாமல், 18,000 ரூபாய். 4,50,000-இல் அதைக் கழித்தால் 4,32,000. டார்கெட்டில் 108%.

“அக்டோபரில் விற்ற சரக்கை நவம்பரில் ஏன் கழிக்கிறீர்கள்?” என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கேட்பதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று: விற்ற மாதத்தில் அந்தச் சரக்குக்கு அவர் இன்சென்டிவ் வாங்கினாரா? அண்ணன் அக்டோபரில் டார்கெட்டைத் தாண்டி 3% வாங்கியிருந்தார். அதனால் கழிப்பது சரி. ஒருவேளை அக்டோபரில் அவர் டார்கெட்டைத் தொடாமல் இருந்தால், கொடுக்காத 3%-ஐப் பிடிப்பது போலாகிவிடும். விதியில் இதைப் பற்றி எதுவும் இல்லையென்றால், பதில் எழுதுவதற்கு முன் முதலாளியிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

எக்செல்லில்

B2-இல் டார்கெட், B3-இல் பில் மொத்தம், B4-இல் வரி, B5-இல் ரிட்டர்ன், B6-இல் நிகர விற்பனை, B7-இல் இன்சென்டிவ். B4, B6, B7 மூன்றும் இப்படி:

```
=B3-B3/1.05
=B3-B4-B5
=IF(B6<B2, 0, B2*1%+(B6-B2)*3%)
```

டேலியிலேயே எல்லாம் எடுத்துவிடலாம் என்பார்கள். எண்களை டேலியின் சேல்ஸ் ரெஜிஸ்டரில் எடுங்கள், கணக்கை எக்செல்லில் காட்டுங்கள் என்பது என் கட்சி. டேலி அச்சை நீட்டினால் லைன்காரர்களுக்குத் தலை சுற்றும்.

நான் கடைசியில் அனுப்பியது

> அண்ணே, நவம்பர் இன்சென்டிவ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கு 6,175. நாங்கள் போட்டது 4,960. வித்தியாசம் 1,215.
>
> உங்கள் பில் மொத்தம் 4,72,500. இதில் ஜிஎஸ்டி 22,500. அதற்கு 3% = 675.
> திரும்பி வந்த சரக்கு 18,000. அதற்கு 3% = 540.
> இரண்டும் சேர்ந்து 1,215.
>
> டார்கெட் 4,00,000. நிகர விற்பனை 4,32,000 (108%).
> 4,00,000-க்கு 1% = 4,000. மேலே போன 32,000-க்கு 3% = 960. மொத்தம் 4,960.
>
> காலையில் நான் வரியை 23,625 என்று எழுதியது தவறு. ரிட்டர்ன் பில் பட்டியல் கடை வாரியாக இணைத்திருக்கிறேன். உங்கள் லைன் இல்லாத கடை ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

வித்தியாசத்தை முதலில் வைத்ததைக் கவனியுங்கள். அவர் கேட்டது 1,215 எங்கே போனது என்றுதான். 675-ம் 540-ம் அந்தக் கேள்விக்கு நேர்ப் பதில். டார்கெட்டும் ஃபார்முலாவும் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இதை எழுத்தாகவே அனுப்புங்கள். எக்செல்லைப் படம் பிடித்து அனுப்பினால், வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்க்கிறவருக்கு ஒரு எண்ணும் தெரியாது.

பிறகு சேர்த்தது: பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர், தன் கணக்கில் 1.05-ஆல் வகுத்தும் எண் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். அவர் பார்த்தது 2025 ஆகஸ்ட் மாதம், சரக்கு பாக்கெட் மிக்ஸர். அந்த வகைக் காரத்துக்கு 2025 செப்டம்பர் 22-இல்தான் வரி 12%-லிருந்து 5% ஆனது. பழைய மாதத்துக்கு 1.12. வரி மாறிய மாதத்துக்கும், வெவ்வேறு வரி உள்ள சரக்கு கலந்திருக்கும் மாதத்துக்கும் வகுக்கவே வகுக்காதீர்கள். ஒவ்வொரு பில்லிலும் இருக்கும் வரிக்கு முந்தைய தொகையை எடுத்துக் கூட்டுங்கள்.

இன்னொன்று: “பட்டியலில் தப்பு இருந்து, அவர் சொன்னது சரி என்று ஆனால்?” என்று பலர் கேட்டார்கள். எனக்கு ஆனது. வியாழக்கிழமையே அண்ணன் கூப்பிட்டார். பட்டியலில் இருந்த ஒரு கோட்டையூர்க் கடை அவர் லைனே இல்லை. 1,400 ரூபாய் ரிட்டர்ன் வேறொருவருடையது, நான் அவர் பெயரில் ஏற்றியிருந்தேன். ரிட்டர்ன் 16,600 ஆனது, நிகர விற்பனை 4,33,400, இன்சென்டிவ் 5,002. “42 ரூபாய் குறைவாகப் போட்டுவிட்டோம், டிசம்பர் சம்பளத்தில் தனியாகக் காட்டிச் சேர்த்துவிடுவோம்” என்று எழுதி அனுப்பினேன். கோட்டையூர் லைன் தம்பிக்கும் அன்றே அவருடைய திருத்திய கணக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அவர் இன்னும் பதில் போடவில்லை.