மார்ச்சில் ஒப்படைத்த வேலை, அக்டோபரில் பெய்த மழை

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரி. சொந்தத் தோட்டம் கிடையாது, சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்குகிற இடம். அங்கே அலுவலகப் பொறுப்பை நான் ஏற்றது ஒரு மார்ச் மாதம். எனக்கு முன்பு இருந்தவர் நல்ல மனிதர். வேலையை என்னிடம் ஒப்படைக்க நாற்பது ஸ்லைடு போட்டு ஒன்றரை மணி நேரம் விளக்கினார், முதலாளியும் உட்கார்ந்து கேட்டார். டீ, பிஸ்கட் எல்லாம் ஆனது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியபோதுதான் அந்த நாற்பதில் எனக்கு உதவக்கூடியது நாலோ ஐந்தோதான் என்று தெரிந்தது.

அவர் எதையும் மறைக்கவில்லை. மார்ச்சில் உட்கார்ந்து எழுதியதால் மார்ச்சில் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார், அவ்வளவுதான். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் ஜூனிலேயே தென்மேற்கு மழை கொட்டிவிடும். கோத்தகிரி, குன்னூர் சரிவுகளில் கடுமையான மழை அக்டோபர், நவம்பரில்தான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் பள்ளத்து இலை கருகி வரத்து குறையும். இப்படி ஆண்டு முழுக்க மாறுகிற வேலையைக் கடந்த மாதத்து நினைவை வைத்து எழுதுவதுதான் முதல் தவறு. பழைய ரசீதுக் கட்டையும் டைரியையும் பன்னிரண்டு மாதத்துக்குப் புரட்டிவிட்டு ஸ்லைடு போட உட்கார வேண்டும்.

அடுத்த தவறு, விதியை எழுதிவிட்டு முடிவு எடுக்கும் விதத்தை விட்டுவிடுவது. எனக்கு வந்த ஸ்லைடில் ‘மழைக் காலத்தில் இலையின் ஈரத்துக்கு ஏற்ப எடையில் கழிக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. சரி, எவ்வளவு கழிப்பது? ஒரு நாளைக்கு 10,000 கிலோ இலை வருகிறது, அதில் பத்தில் ஒரு பங்கு வெறும் மழைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 20 ரூபாய் என்றால், கழிக்காமல் வாங்கினால் தண்ணீருக்கு மட்டும் 20,000 ரூபாய் கொடுத்திருப்போம். கண்ணை மூடிக்கொண்டு 15 சதவீதம் கழித்தாலோ, விவசாயி மறுநாளே பக்கத்து பேக்டரிக்கு இலையைக் கொண்டுபோய்விடுவார். நான் இரண்டையும் செய்தேன், முதல் வாரம் அது, இரண்டாம் வாரம் இது.

பிறகு எடைபோடும் அண்ணன் ஒருவர் சொல்லித்தான் வழக்கம் புரிந்தது. மூட்டையின் நடுவிலிருந்து ஒரு கிலோ எடுத்து, பரப்பி, மேலே நிற்கும் தண்ணீர் போகும்வரை மின்விசிறிக் காற்றில் வைத்து மறுபடி எடை பார்ப்பார்கள். குறைந்த அளவுதான் கழிவு. அதிலும் விலக்கு உண்டு. எங்கள் வாசலிலேயே லாரி நாலு மணி நேரம் மழையில் நின்றிருந்தால் கழிப்பதில்லை, தாமதம் நம்முடையது. கணக்கு சரியா என்பதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். நூறு கிலோ இலைக்கு ஏறக்குறைய 22 முதல் 25 கிலோ தூள் கிடைக்க வேண்டும். மழை வாரத்தில் அது 20க்குக் கீழே போனால், தண்ணீருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோமோ என்று முதலில் சந்தேகப்படலாம்.

இதையெல்லாம் ஸ்லைடில் எப்படிச் சொல்வது? மழை நாளில் போட்ட மூன்று பழைய ரசீதுகளைப் படம் எடுத்துப் போட்டாலே போதும். ஒன்றில் 6 சதவீதம் கழித்திருக்கும், ஒன்றில் 11, ஒன்றில் எதுவும் கழித்திருக்காது. ஒவ்வொன்றின் கீழும் ஏன் என்று ஒரு வரி. என்னைக் கேட்டால் பத்து ஃப்ளோசார்ட்டைவிட இந்த ஒரு பக்கம் மேல்.

தொடர்பு எண்கள் விஷயம் வேறு. என்னிடம் கொடுத்த பட்டியலில் அறுபதுக்கு மேல் பெயர்கள், அகர வரிசையில். ராத்திரி இரண்டு மணிக்கு டிரையரின் விசிறி நின்றுபோனால் எந்த எழுத்தில் தேடுவது? பெயரை விட்டுவிட்டு நிகழ்வை வைத்து அடுக்க வேண்டும். டிரையர் நின்றால் யார், கரண்ட் போனால் யார், பர்லியார் பக்கம் மண் சரிந்து குன்னூர் மலைப்பாதை மூடினால் தூள் லாரியை கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறக்க யாரிடம் பேசுவது என்று. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவருக்கு நாம் தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்றும் இருக்கட்டும். பழைய பாக்கி தெரியாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. முக்கியமானவர்களை, போகிறவரே ஸ்பீக்கரில் அழைத்து, “அண்ணா, இனிமே இவர்தான் பேசுவார்” என்று சொல்லிவிட வேண்டும். இலை ஏஜென்டுகள் புது எண்ணை எடுக்கவே மாட்டார்கள்.

இதே இடத்தில் பலரும் மறப்பது ஓ.டி.பி. ஜி.எஸ்.டி., பி.எப். தளங்களின் பாஸ்வேர்டை அழகாக அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டு, அதற்கு வரும் ஓ.டி.பி.யைத் தன் சொந்த சிம்மிலேயே வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பி.எப். பணம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், அன்றைக்குப் பார்த்து அவர் போனை எடுக்க மாட்டார். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே எண்ணை மாற்றி, வருகிறவர் தன் கையால் ஒவ்வொரு தளத்திலும் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கடைசியாக, நிலுவை ஆபத்துகள். இந்த ஸ்லைடில்தான் ‘கவனிக்க வேண்டும்’, ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்கிற வார்த்தைகள் குவியும். எனக்கு வந்த ஸ்லைடில் ‘பின்புறத் தடுப்புச் சுவர் – கவனிக்கவும்’ என்று இருந்தது. எதைக் கவனிப்பது? அந்த வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘பின்சுவரின் வலது கோடியில் விரிசல் இருக்கிறது, இரண்டு முனையிலும் தேதியோடு பென்சில் கோடு போட்டிருக்கிறேன். கோட்டைத் தாண்டினால் முதலாளிக்கு எழுத்தில் சொல்லுங்கள். சுவரில் நீர் வடியும் துளைகளைச் செப்டம்பரில் குத்திச் சுத்தம் செய்யுங்கள். மழையில் துளை வறண்டே இருந்தால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கலங்கல் தண்ணீர் வந்தால் உள்ளே மண் கரைகிறது, அன்றைக்கே சுவரை ஒட்டிய மூட்டைகளையும் ஆட்களையும் நகர்த்தி, இன்ஜினீயரை அழையுங்கள்.’ மின்னணுத் தராசின் முத்திரையும் இப்படித்தான். ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை வாங்க வேண்டும், அந்தத் தேதி ஸ்லைடில் இருக்க வேண்டும்.

அவர் ஏன் மழுப்பினார் என்பது எனக்குப் புரிகிறது. முதலாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது, சுவருக்கு இரண்டு வருடமாகப் பணம் கேட்டும் வரவில்லை என்று யார் சொல்வார்கள்? அதனால் இரண்டு அமர்வாக வைப்பதே சரி. ஒன்று முதலாளியோடு, இன்னொன்று போகிறவரும் வருகிறவரும் மட்டும். ஆனால் தனியாகச் சொன்னதும் காகிதத்தில் ஏற வேண்டும். ஏஜென்டுக்குக் கொடுத்த முன்பணம் எவ்வளவு, எந்த மாத இலையில் கழிப்பதாக வாய்ப்பேச்சு என்பதை நாற்காலி மாறிய பிறகு நிரூபிக்க முடியாது.

நான் அந்த பேக்டரியை விட்டு வந்தபோது எனக்கு அடுத்து வந்தவர் கூடலூர்க்காரர். ஸ்லைடை ஓட்டி முடித்ததும் நான் உட்கார்ந்துகொண்டு அவரைப் பேசச் சொன்னேன். “நவம்பர் மாசம், காலை ஆறு மணி, மழை, மூணு லாரி நிக்குது. என்ன பண்ணுவீங்க?” தராசு, ரசீது, கழிவு எல்லாம் சரியாகச் சொன்னார். சுவரை மறந்துவிட்டார். எழுந்து இருவரும் பின்பக்கம் போய்ப் பென்சில் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தோம்.